சில்லு நட்டுகளின் சரியான இறுக்கம்: பரந்தனில் தளர்ந்த இடது பின் சில்லு

கோண்டாவில்_வெசல்

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய ஹொண்டா வெசலுக்குக் கடந்த கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் நான்கு ரயர்களையும் புதிதாகப் போட்டேன். அங்கே நட்டுகளை எயார் கன்னால் இறுக்கினார்கள். அது நன்றாக உறுமி நின்றதை அருகில் நின்று நானே பார்த்தேன். மறுநாள் காலை குடும்பத்துடன் கிளிநொச்சிக்குப் புறப்பட்டு ஏ9 வீதியில் பரந்தனை நெருங்கியபோது, இடது பின்பக்கத்திலிருந்து ‘டக், டக்’ என்ற ஒலி வேகத்திற்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் கேட்டது. நிறுத்திப் பார்த்தபோது அந்தச் சில்லின் ஐந்து நட்டுகளில் இரண்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது, மூன்றாவது ஸ்பானரை வைத்தவுடன் இலகுவாகச் சுழன்றது. வண்டியோடு வந்த ஸ்பானரில் ஏறி நின்று ஐந்தையும் என்னால் இயன்ற மட்டும் இறுக்கிவிட்டு மெதுவாக வீடு திரும்பினேன்.

நான் அறிய விரும்புவது இரண்டு. எயார் கன்னால் இறுக்கிய நட்டு ஏறக்குறைய 60 கிலோமீற்றருக்குள் எப்படித் தளர்ந்தது? இனி எந்த ஒழுங்கில், எவ்வளவு இறுக்க வேண்டும்?

சாவகச்சேரி_லொறி

தம்பி, நான் 31 வருடங்களாக லொறி ஓட்டியவன். சில்லு கழற்றிப் பூட்டினால் முதல் ஓட்டத்தில் இடையில் நிறுத்தி நட்டுகளைப் பார்க்காமல் நாங்கள் ஒருநாளும் தூர இடத்துக்குப் போனதில்லை. உங்களுடைய கடையில் போதிய அளவு இறுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். நட்டின் புரியில் சொட்டு ஒயில் விட்டு, ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகி, இனித் திரும்பாது என்னும் வரை இறுக்குங்கள். பின்னர் நட்டுக்கும் றிம்முக்கும் குறுக்கே பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகாமல் இருக்கும்வரை நட்டு இறுக்கமாகவே இருக்கிறது என்று நம்பலாம்.

காரைநகர்_கரை

என் ஓட்டோவுக்கும் இதே சிக்கல் வந்தது. எங்கள் பக்கம் கடற்காற்றினால் எல்லாம் துருப்பிடித்துவிடும். சில்லு ஆடியதால் நடுவிலுள்ள பெரிய நட்டை இறுக்கினேன். சில்லு சுழலவே சிரமப்பட்டுச் சூடாகிவிட்டது. பிறகு ஒரு திருத்துநர், முழுதாக இறுக்கிய பிறகு சற்றுத் தளர்த்தி, நட்டு திரும்பாமல் தடுக்கும் கொட்டர் பின்னைப் போட வேண்டும் என்று காட்டித் தந்தார். ஆகவே கோண்டாவில் அண்ணா, நீங்களும் இறுக்கிய பின் கொஞ்சம் தளர்த்திவிடுவதுதான் சரியென்று நினைக்கிறேன்.

ஏழாலை_பட்டறை

காரைநகர்த் தம்பி சொல்வது வேறு நட்டு. அவர் தொட்டது சில்லின் நடுவிலே பேரிங்கைத் தாங்கி நிற்கும் அச்சு நட்டு. அதற்குச் சற்றுத் தளர்வு விட்டுக் கொட்டர் பின் போட்டுப் பூட்டுவது உண்டு. இங்கே கேட்கப்பட்டிருப்பது றிம்மை ஹப்புடன் சேர்த்துப் பிடிக்கும் ஐந்து நட்டுகளைப் பற்றியது. அவற்றை இறுக்கிய பின் ஒரு மயிரிழைகூடத் தளர்த்தக் கூடாது. இந்த இரண்டையும் ஒருவரும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

கோண்டாவில் தம்பிக்கு என் பதிலைச் சொல்வதற்கு முன் நான்கு விடயங்கள் தெரிய வேண்டும். றிம்கள் வண்டியோடு வந்தவையா, வெளியில் வாங்கியவையா? நட்டுகள் ஹொண்டாவின் சொந்த நட்டுகளா? அவற்றின் அடி உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கப்படும் அலோய் றிம்களின் குழிகளோ பெரும்பாலும் கூம்பு வடிவானவை. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் நட்டு மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, ரயர் மாற்றிய அதே வேளையில் றிம்முக்கு ஏதாவது செய்தீர்களா? நான்காவது, ஹப்பின் முகத்திலிருந்த துருவை யாராவது துடைத்தார்களா?

வண்டியை அதுவரை ஓட்டாமல் வைத்திருங்கள். ஏறி நின்று இறுக்கியதாகச் சொன்னீர்கள், அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

கோண்டாவில்_வெசல்

விரிவான கேள்விகளுக்கு நன்றி, ஐயா. றிம்களும் நட்டுகளும் வண்டியோடு ஜப்பானிலிருந்து வந்தவையே. ரயர் மாற்றுவதற்கு முன் றிம்களில் கீறல்கள் இருந்தபடியால், அவற்றை ஓரிடத்தில் கொடுத்துப் பவுடர் கோற்றிங் செய்வித்தேன். மிக அழகாகச் செய்து தந்தார்கள். பின்பக்கம், நட்டு அமரும் குழி எல்லாவற்றிலும் கறுப்பு நிறம் சீராகப் படிந்திருந்தது. ஹப்பை யாரும் துடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஏழாலை_பட்டறை

அப்படியானால் நட்டு தளர்ந்த கதையின் பெரும்பகுதி நீங்கள் சொன்ன அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது. நட்டு அமரும் குழியிலும், ஹப்பில் ஒட்டும் பின்முகத்திலும் கோற்றிங் இருக்கவே கூடாது. நட்டு அங்கே உலோகத்தின்மேல் அமரவில்லை, பெயின்ற்றின்மேல் அமர்ந்திருக்கிறது. ஓடும்போது அந்தப் படை நசுங்கிச் சிதறிப் போய்விடும். அப்போது நட்டு ஒரு பாகைகூடத் திரும்பாமலேயே பிடி போய்விடும். பிடி போன பிறகுதான் நட்டு சுழலத் தொடங்கும். லொறி ஐயா சொன்ன பெயின்ற் கோடு இரண்டாவது கட்டத்தைக் காட்டும், முதலாவதைக் காட்டாது. கோடு நேராக இருக்கும்போதே நட்டு பாதிப் பிடியை இழந்து நிற்கலாம்.

வெறும் நசிவு எப்படி இவ்வளவு பெரிய இழப்பாகிறது என்பதைக் கோப்பாய் ரீச்சர் என்னைவிட நன்றாக விளக்குவார்.

கோப்பாய்_பௌதிகம்

கேட்டதற்காகக் கணக்கைச் செய்து பார்த்தேன். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டு ஏறும் புரியுள்ள தண்டுதான் ஸ்ரட். வெசலின் ஸ்ரட் 12 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் புரியிடைத் தூரமும் உடையது. ஹொண்டா அதற்குச் சொல்லும் முறுக்கம் 108 நியூட்டன் மீற்றர். சுத்தமான, உலர்ந்த புரிகளில் இந்த முறுக்கம் ஒவ்வொரு ஸ்ரட்டையும் ஏறக்குறைய 45,000 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. அதாவது, நான்கரைத் தொன் நிறையை அதில் தொங்கவிட்டது போன்ற இழுவை. இந்த இழுவையால் ஸ்ரட் ஒரு சுருளிவில்லைப் போல நீள்கிறது. றிம்மை ஹப்புடன் அழுத்திப் பிடிப்பது நீண்டுவிட்ட ஸ்ரட் மீண்டும் சுருங்க முயலும் அந்த விசையே.

இனி அது எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். இழுபடும் பகுதி ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் என்று கொண்டால், நீட்சி 0.06 மில்லிமீற்றர் மட்டுமே வருகிறது. ஒரு தலைமயிரின் தடிப்பை ஒத்த இந்த நீட்சியில்தான் முழுப் பிடியும் அடங்கியிருக்கிறது. பவுடர் கோற்றிங்கின் ஒரு படையே பொதுவாக இந்த அளவுக்குத் தடித்தது. நட்டின் கீழிருக்கும் படையில் பாதி நசுங்கினால் நீட்சியில் பாதி போய்விடும், அதோடு பிடியிலும் பாதி போய்விடும். றிம்மும் சற்று அமுங்கி நிமிர்வதால் உண்மையில் இழப்பு இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் ஏறத்தாழ அளவு இதுவே.

ஒயிலைப் பற்றியும் ஒரு சொல். முறுக்கத்தின் மிகப் பெரும் பங்கு நட்டின் அடியிலும் புரியிலும் உள்ள உராய்வை வெல்வதிலேயே செலவாகிறது. ஸ்ரட்டை இழுப்பதற்குப் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சுகிறது. ஒயில் விட்டு உராய்வைக் குறைத்தால், அதே 108 இல் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட இடமுண்டு. அதற்குமேல் பைப்பையும் செருகினால் ஸ்ரட் தன் மீள்தன்மை எல்லையைக் கடந்து நிரந்தரமாக நீண்டுவிடலாம். அப்படி நீண்ட ஸ்ரட் பிறகு சரியான பிடியைத் தருமென்று நம்ப முடியாது.

சாவகச்சேரி_லொறி

ரீச்சர், உங்கள் கணக்கை மறுக்க எனக்குப் படிப்பில்லை. ஆனால் எங்கள் லொறிகளில் ஒயில் விட்டோம், சில்லு கழன்றதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பழைய ஆங்கில லொறிகளில் இடது பக்க நட்டுகள் எதிர்ப்புறமாகத் திரும்புபவை. இடது பக்கம் தானாகவே தளரும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்ததால்தானே அப்படிச் செய்தார்கள்? தம்பியின் வண்டியிலும் தளர்ந்தது இடது பக்கமே.

ஏழாலை_பட்டறை

ஐயா, பெரிய லொறியின் நட்டுகள் வேறு அமைப்பு. சிலவற்றில் நட்டோடு சுழலும் வளையம் இருக்கிறது, அவற்றில் எங்கே எண்ணெய் விடலாம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். காரின் நட்டுக்குச் சொல்லப்பட்ட எண் உலர்ந்த புரிக்குரியது. உங்கள் அனுபவத்தில் நான் முழுமனத்தோடு ஏற்பது, முதல் ஓட்டத்தில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம். இடதுபக்கக் காரணத்தில் உண்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். வலப்புரி நட்டுகள் இடது பக்கத்தில் கூடுதலாகத் தளர்கின்றன என்று நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் பிடி முழுதாக இருக்கும் நட்டு எந்தப் பக்கத்திலும் தானாகத் திரும்புவதில்லை. றிம் ஹப்பின்மேல் குறுக்காக வழுக்கத் தொடங்கினால்தான் நட்டு சுழலும்.

கோப்பாய்_பௌதிகம்

இதை 1969 இல் யுங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் பரிசோதனையாகவே காட்டினார். நட்டின் அச்சுக்குக் குறுக்காக இணைப்பு முன்னும் பின்னும் அசையும்போது, புரியிலுள்ள உராய்வு நட்டைப் பிடித்து வைக்க முடியாமற் போய், அது தானாகவே திரும்பிக் கழல்கிறது. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்ரட் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் றிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலுள்ள உராய்வே அதைச் சுமக்கிறது. ஸ்ரட்டின் வேலை அந்த இரண்டையும் அழுத்தி வைத்திருப்பது. அழுத்தம் குறைந்த பின்னர்தான் பாரம் ஸ்ரட்டின் கழுத்துக்கு வருகிறது. பரந்தனில் கேட்ட ஒலி அதுவாகவே இருக்க வேண்டும்.

ரொறன்ரோ_கொக்குவில்

நான் கொக்குவிலைச் சேர்ந்தவன், இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே வருடத்தில் இரண்டு தடவை பனிக்கால ரயரையும் கோடைகால ரயரையும் மாற்றுவதால், நட்டு மறுபடி பார்ப்பது எங்களுக்குப் பழகிய காரியம். கடைச் சிட்டையிலேயே 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் திரும்ப வந்து நட்டுகளைச் சரிபார்க்கும்படி அச்சடித்திருப்பார்கள். ஒன்ராறியோவில் பாரவாகனங்களின் சில்லுகள் கழன்று உயிர்கள் போனதால், 1997 இல் சட்டமே கொண்டுவந்தார்கள். சில்லு கழன்றால் 50,000 டொலர் வரை தண்டம் உண்டு, கவனமாகத்தான் பூட்டினோம் என்ற விளக்கம் அங்கே செல்லாது.

ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில், குறித்த முறுக்கம் வந்ததும் கிளிக் என்று ஒலிக்கும் டோர்க் றென்ச் இல்லை. பயணப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டு ஒருமுறை சமாளித்தேன். ஸ்பானரின் கைப்பிடியில் தராசின் கொக்கியை மாட்டி 37 கிலோ காட்டும் வரை இழுத்தேன். இது சரியா என்று ரீச்சரிடம் கேட்க விரும்புகிறேன்.

கோப்பாய்_பௌதிகம்

நட்டின் மையத்திலிருந்து கொக்கி மாட்டிய இடம் வரை சரியாக 30 சென்ரிமீற்றர் இருந்திருந்தால், 37 கிலோ காட்டும்போது முறுக்கம் ஏறக்குறைய 109 நியூட்டன் மீற்றர் வரும். இழுக்கும் திசை ஸ்பானருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஸ்பானரும் நேராக நட்டில் அமர்ந்திருக்க வேண்டும். டோர்க் றென்ச் கிடைக்கும் வரைக்கும் இது ஏற்கத்தக்கது. ஊகத்தைவிடப் பல மடங்கு மேலானது.

இதே கணக்கைக் கோண்டாவில் சகோதரர் ஏறி நின்றதற்கும் போடலாம். உங்கள் நிறை எவ்வளவு?

கோண்டாவில்_வெசல்

72 கிலோ. ஸ்பானரின் நீளம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர்தான்.

கோப்பாய்_பௌதிகம்

அப்படியானால் அசையாமல் நின்றிருந்தாலே 212 நியூட்டன் மீற்றர், அதாவது சொல்லப்பட்ட அளவின் இருமடங்கு. உந்தி மிதித்திருந்தால் இன்னும் கூட.

ஏழாலை_பட்டறை

இதனால்தான் ஓட்ட வேண்டாம் என்றேன். தம்பி, உங்களைக் குறைகூறவில்லை. வீதியோரத்தில் பிள்ளைகளோடு நிற்கும்போது எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தச் சில்லின் ஸ்ரட்டுகள் இரண்டு தண்டனைகளை அனுபவித்துவிட்டன: தளர்ந்த நிலையில் ஓடும்போது வளைந்து நிமிர்ந்தன, பின்னர் இருமடங்காக இழுக்கப்பட்டன. நட்டைக் கழற்றி, புரியைத் துடைத்து, வெறும் விரலால் மேலிருந்து அடிவரை சுழற்றிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே புரி நீண்டிருக்கிறது. றிம்மின் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். துளை முட்டையாகியிருந்தால் அந்த றிம்மை மீண்டும் போட வேண்டாம்.

என் அபிப்பிராயம் அந்தச் சில்லின் ஐந்து ஸ்ரட்டுகளையும் மாற்றுவது. மூன்று தளர்ந்தபோது மற்ற இரண்டும் அவற்றின் பாரத்தையும் சுமந்திருக்கின்றன. வெடிப்பு உள்ளே தொடங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பூட்டும் முறையை இங்கே எழுதிவிடுகிறேன். முதலில் ஹப் முகத்தையும் றிம்மின் பின்முகத்தையும் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். நடுவிலுள்ள வட்ட விளிம்பில் மட்டும் மெல்லியதாகக் கிறீஸ் பூசலாம், அழுத்தும் முகங்களில் கூடாது. நட்டுகள் ஐந்தையும் விரலாலேயே பல சுற்றுகள் போட வேண்டும். ஸ்பானரால் தொடங்கினால் புரி மாறி ஏறுவது தெரியாமற் போகும். சில்லு அந்தரத்தில் இருக்கும்போதே, ஒரு நட்டை விட்டு அடுத்த நட்டு என்று நட்சத்திரம் வரைவது போல மெல்ல இறுக்கி, றிம் ஹப்பில் நேராக அமர்ந்துவிட்டதா என்று பாருங்கள். நட்டுகளுக்குச் சுற்றுவரிசையில் 1 முதல் 5 வரை எண் கொடுத்தால் இறுக்கும் ஒழுங்கு 1, 3, 5, 2, 4. நான்கு நட்டு வண்டிக்குக் குறுக்காகவும், ஆறு நட்டுக்கு எதிரெதிராகவும் போக வேண்டும்.

இந்த ஒழுங்கின் பயனை ஒருமுறை கண்ணால் கண்டால் பிறகு விடமாட்டீர்கள். பக்கத்துப் பக்கத்து நட்டுகளை அடுத்தடுத்து இறுக்கினால் றிம் ஒருபுறம் முதலில் ஒட்டிக்கொள்ளும், எதிர்ப்புறத்தில் தாள் நுழையும் அளவு இடைவெளி நின்றுவிடும். கடைசியாக இறுக்கும் நட்டு அந்த இடைவெளியை மூடுவதிலேயே தன் முறுக்கத்தைச் செலவழித்துவிட்டு, இறுகியதுபோல் கிளிக் என்று சொல்லும். கொஞ்சத் தூரம் ஓடியதும் றிம் தானாகச் சரியாக அமரும், முதலில் இறுகிய நட்டுகள் பிடியிழக்கும்.

பிறகு, ரயர் நிலத்தில் முட்டிச் சில்லு சுழலாமல் நிற்கும் அளவுக்கு ஜக்கை இறக்கி, அதே ஒழுங்கில் 60 அளவுக்கு ஒரு சுற்று, 108 இல் இன்னொரு சுற்று. முடிந்த பின் அதே 108 இல் மூன்றாம் சுற்றும் போய் வாருங்கள், ஏனென்றால் ஐந்தாவது நட்டு இறுகும்போது முதலாவது சற்று இளகியிருக்கும். றென்ச் ஒருமுறை கிளிக் என்றதும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று தடவை சொடுக்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஒவ்வொரு சொடுக்கும் கூடுதல் இறுக்கமே. 108 என்பது ஹொண்டாவின் எண். ரொயோட்டாக் கார்கள் பலவற்றுக்கு 103. சிறிய கார்களுக்கு இன்னும் குறைவு இருக்கலாம், உங்களுடைய புத்தகத்தைப் பாருங்கள்.

எயார் கன் ஓரளவு வரை ஓட்டிவிட்டு நிற்க வேண்டிய கருவி. அது உறுமுவது காற்றின் அமுக்கத்தையும் கருவியின் நிலைமையையும் பொறுத்தது. நட்டில் எவ்வளவு ஏறியது என்பதை அந்த உறுமல் சொல்லாது.

காரைநகர்_கரை

என் தவறைத் திருத்தியதற்கு நன்றி ஐயா. ஒரு கேள்வி: ஊர்காவற்றுறைப் பக்கம் தினமும் கடல்நீர்த் தெறிப்பில் ஓடும் வண்டிகளில் புரியே துருவாக இருக்கிறது. ஒயில் விடாமல் எப்படிப் பூட்டுவது?

ஏழாலை_பட்டறை

துருவைக் கம்பித் தூரிகையால் நீக்குங்கள். நட்டு விரலால் அடிவரை ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஸ்ரட்டையும் நட்டையும் மாற்றுங்கள். துருப்பிடித்த புரியில் 108 என்று றென்ச் சொன்னாலும், முறுக்கம் முழுவதையும் துருவே தின்றுவிடும்; ஸ்ரட் இழுபட்டிருக்காது. ஒயிலினால் கூடிப்போகும், துருவினால் குறைந்துபோகும், இரண்டும் றென்ச்சுக்குத் தெரியாது.

ரொறன்ரோ_கொக்குவில்

மறுபடி பார்க்கும்போது எப்படிச் செய்வது என்பதில் இங்கும் இரண்டு கட்சிகள் உண்டு. சிலர் அதே எண்ணில் றென்ச்சை வைத்து கிளிக் கேட்டால் போதும் என்கிறார்கள். என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குவார். எது சரி?

ஏழாலை_பட்டறை

நான் தளர்த்துவதில்லை. வண்டி ஆறியிருக்க வேண்டும், பிறேக் சூட்டில் பார்க்கக் கூடாது. நான்கு சில்லும் நிலத்தில் நிற்க, அதே 108 இல், அதே நட்சத்திர ஒழுங்கில், இறுக்கும் திசையில் சீராக இழுத்து நட்டு அசைகிறதா என்று பார்ப்பேன். சந்தேகத்துக்காக 120 வைத்துப் பார்ப்பது தவறு. அப்போது தளராத நட்டும் அசையலாம், எது தளர்ந்தது என்ற செய்தியே அழிந்துபோகும்.

கோப்பாய்_பௌதிகம்

இதில் நான் ஐயாவுடன் முழுதாக உடன்படத் தயங்குகிறேன். நின்றுபோன நட்டை மீண்டும் அசைக்கத் தேவைப்படும் முறுக்கம், அது ஓடிக்கொண்டிருந்தபோது தேவைப்பட்டதைவிடப் பொதுவாகக் கூடியது. ஆகவே நட்டு கொஞ்சம் பிடியை இழந்திருந்தாலும் 108 இல் அசையாமலே கிளிக் வரலாம். அசைந்தால் நிச்சயமாகத் தளர்ந்திருக்கிறது. அசையாவிட்டால் பெரிதாகத் தளரவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். ஒன்றொன்றாகத் தளர்த்தி இறுக்கும் அந்த நண்பர் இந்தக் குறையைத் தவிர்க்கிறார்.

ஏழாலை_பட்டறை

கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி, ரீச்சர். ஆனால் தளர்த்தினால் எந்த நட்டு எவ்வளவு இழந்தது என்று எனக்குத் தெரியாமற் போய்விடும். அந்தச் செய்தி எனக்கு முக்கியம். முதல் தடவை ஒன்றிரண்டு நட்டு சற்று அசைவது இயல்பு, முகங்கள் அமர்ந்துகொள்கின்றன. அதே நட்டு இரண்டாம் தடவையும் அசைந்தால் நான் இறுக்கிவிட்டு அனுப்பமாட்டேன். சில்லைக் கழற்றிக் காரணத்தைத் தேடுவேன். ஏதோ ஒன்று இன்னும் நசுங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஸ்ரட் நீண்டுகொண்டிருக்கிறது.

கோண்டாவில்_வெசல்

பத்து நாட்களின் பின் நடந்ததை எழுதுகிறேன். இடது பின் சில்லைக் கழற்றியபோது நட்டுக் குழிகளில் கறுப்புப் படை வளையம் வளையமாக உரிந்து, சில இடங்களில் தூளாகக் கிடந்தது. ஹப் முகத்தில் துருச் செதில்களும் இருந்தன. ஐந்து ஸ்ரட்டுகளில் மூன்றில் நட்டு நடுவில் இறுகியது. நான் காட்டிய திருத்துநர் அந்த மூன்றை மட்டும் மாற்றினாலே போதும் என்றார். ஏழாலை ஐயா சொன்னபடி ஐந்தையும் நட்டுகளோடு மாற்றினேன். றிம்மின் துளைகள் வட்டமாகவே இருந்தன. நான்கு றிம்களிலும் குழியிலும் பின்முகத்திலும் இருந்த கோற்றிங்கை உலோகம் தெரியும் வரை சுரண்டி எடுத்தோம், அதற்கே ஒரு முழுநாள் சென்றது. பின்னர் 60, 108, மீண்டும் 108 என்று மூன்று சுற்றுகள் பூட்டினேன்.

பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பி, மறுநாள் காலை வண்டி ஆறிய நிலையில் 108 இல் பார்த்தேன். முன் சில்லுகளிலும் வலது பின் சில்லிலும் எதுவும் அசையவில்லை. இடது பின் சில்லில் இரண்டு நட்டுகள் ஐந்து பாகை அளவு திரும்பிய பிறகே கிளிக் வந்தது. ஐந்து பாகை என்பது மிகச் சிறியதுதானே?

கோப்பாய்_பௌதிகம்

சிறியதாகத் தெரியும். நட்டு ஒரு முழுச் சுற்றில் 1.5 மில்லிமீற்றர் முன்னேறுகிறது. முழு நீட்சியான 0.06 மில்லிமீற்றர் ஏறக்குறைய 14 பாகைக்குச் சமம். றிம்மின் அமுங்கலையும் சேர்த்தால் இன்னும் சில பாகைகள் கூடும். ஆகவே ஐந்து பாகை என்பது பிடியில் நான்கில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்ட பங்கு.

ஏழாலை_பட்டறை

அந்தச் சில்லில் மட்டும் அசைந்ததற்கு விளக்கம் இருக்கிறது. புதிய ஸ்ரட்டுகள் ஹப்பின் துளையில் அழுத்தி ஏற்றப்படுபவை. முதல் ஓட்டத்தில் அவை பின்பக்கத்தில் இன்னும் சற்று உள்ளே இழுபட்டு அமரும். இன்னும் 80 கிலோமீற்றர் அளவு ஓடிவிட்டு மறுபடி பாருங்கள்.

சாவகச்சேரி_லொறி

தம்பி, பார்த்த பின் இங்கேயே எழுதுங்கள். நானும் என் மகனுடைய வானுக்கு ஒயில் விடாமல், புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துப் பூட்டிப் பார்க்கப் போகிறேன். பெயின்ற் கோட்டை மட்டும் நான் விடமாட்டேன். கோடு விலகினால் அது நிச்சயமாக ஆபத்து என்பதையாவது ரீச்சரும் ஒப்புக்கொள்வார்.

கோப்பாய்_பௌதிகம்

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஐயா.

கோண்டாவில்_வெசல்

முல்லைத்தீவுக்குப் போய் வந்த பின், நேற்றுக் காலை பார்த்தேன். இருபது நட்டுகளிலும் கிளிக் உடனே வந்தது, ஒன்றும் அசையவில்லை. றென்ச்சை அதன் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி பெட்டியில் வைத்துவிட்டேன். பவுடர் கோற்றிங் செய்த இடத்திற்கும் போய், குழிகளையும் பின்முகத்தையும் மறைத்துவிட்டு அடிக்கும்படி சொல்லி, சுரண்டிய தூளைக் காட்டினேன். அடுத்த றிம்மிலிருந்து ஒட்டுத்தாள் போட்டு மறைப்பதாகச் சொன்னார்கள்.